அழிச்சது உங்க போன்ல. அவங்க போன்ல?



போன எபிசோட் முடிஞ்சதும் ஒரு நேயர் கேட்ட கேள்வி: "வாட்ஸ்அப்ல தப்பா அனுப்பிட்டு உடனே டெலீட் பண்ணிட்டா, அவங்க பார்த்திருக்க வாய்ப்பே இல்லைதானே?" ஒலிப்பதிவில் ஒரு வரியில் பதில் சொல்லிட்டு நகர்ந்துட்டேன். சொல்ல வேண்டியது அதைவிட நிறைய இருக்கு. அதோட, இந்த விஷயத்தில் நானே நல்லா அடிபட்டிருக்கேன். அதனால் இந்த வார மடல் முழுக்க இதுதான்.

முதல்ல என் கதை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஜூன் மாசம். நான் இங்கே ஐந்தோவனில் ஒரு கிளையன்ட் ஆபீஸிலிருந்து கிளம்பிட்டிருந்தேன். மாலை 6:10. திருச்சியில் அப்போ இரவு 9:40. அப்பாவோட பயாப்ஸி ரிப்போர்ட் என் மெயிலுக்கு வந்துச்சு. படிச்சேன். அக்காவுக்கு மட்டும் சொல்லணும்னு பஸ் ஸ்டாப்பில் நின்னுக்கிட்டே அடிச்சேன்: "அப்பா ரிசல்ட் வந்துருச்சு, பாசிட்டிவ். அம்மாகிட்ட இப்ப சொல்ல வேணாம், நான் வந்து பேசிக்கிறேன்." அனுப்பின பிறகுதான் மேலே பெயரைப் பார்த்தேன். அது அக்கா இல்லை. பதினொரு பேர் இருக்கிற எங்க குடும்ப குரூப். அதில் அம்மாவும் இருக்காங்க.

ஒரு நிமிஷத்துக்குள்ள Delete for everyone அழுத்திட்டேன். அழுத்தும்போது மெசேஜ் பக்கத்தில் ஒரே ஒரு டிக்தான் இருந்துச்சு. "நல்லவேளை, யாருக்கும் போய்ச் சேரலை"ன்னு மூச்சு விட்டேன். யாரும் எதுவும் கேட்கலை. அம்மாகூட தினமும் பேசினேன், அவங்களும் சாதாரணமாத்தான் பேசினாங்க. மூணு வாரம் கழிச்சு ஊருக்குப் போய், சமையல்கட்டில் அம்மாகிட்ட மெதுவா ஆரம்பிச்சேன். அவங்க அடுப்பை அணைச்சுட்டுச் சொன்னாங்க: "எனக்கு அன்னிக்கே தெரியும்டா. நீயா எப்பச் சொல்லுவேன்னுதான் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

அப்பாவுக்குச் சிகிச்சை முடிஞ்சு இப்போ நல்லா இருக்கார். ஆனா அந்த மூணு வாரம் அம்மா தனியா அதைச் சுமந்ததுக்கு நான் காரணம். அது எப்படி நடந்துச்சுங்கிறதைப் பிரிச்சுப் பார்த்தா, இந்த டெலீட் விஷயம் மொத்தமும் புரிஞ்சிடும்.

டெலீட் என்பது இன்னொரு மெசேஜ்

நாம Delete for everyone அழுத்தும்போது, அடுத்தவங்க போனுக்குள்ள ஒரு கை நீண்டு போய் மெசேஜை எடுத்துடறதா மனசுல ஒரு படம் இருக்கு. நிஜத்தில் நடக்கிறது வேற. உங்க ஆப் இன்னொரு மெசேஜை அனுப்புது. அதில் இருப்பது ஒரு வேண்டுகோள்: "நான் முன்னாடி அனுப்பின இந்த மெசேஜை நீக்கிடு." அதை வாங்கின ஆப்தான் தன்கிட்ட இருக்கிற பிரதியை நீக்கணும்.

சிக்னல் ஆப்போட நிரல் எல்லாரும் பார்க்கும்படி திறந்து கிடப்பதால் இதை நேரடியாகவே காட்டலாம். நீக்கச் சொல்லும் செய்தியின் வடிவம் அதில் இவ்வளவுதான்:

```
message Delete {
  optional uint64 targetSentTimestamp = 1;
}
```

ஒரே ஒரு எண். எந்த நேரத்தில் அனுப்பின மெசேஜ் என்பதற்கான அடையாளம். எண்ட்-டு-எண்ட் என்க்ரிப்ஷன் இருக்கிறதால், நடுவில் இருக்கிற சர்வருக்கு உங்க மெசேஜில் என்ன இருந்ததுன்னு தெரியாது. அடுத்த போனில் போய்ச் சேர்ந்த பிரதி சர்வர் கையில் இல்லை. அதனால் சேர்ந்துட்ட பிரதியை அங்கிருந்து எடுக்க அதுக்கு வழியும் இல்லை. வேண்டுகோளை நிறைவேற்றும் பொறுப்பு முழுக்க அந்தப் பக்கத்து ஆப்போடது. வாட்ஸ்அப்பும் இதே அடிப்படையில்தான் இயங்குது. நீக்கல் வெற்றியடையாமப் போனா உங்களுக்குத் தகவல் வராதுன்னு அவங்க உதவிப் பக்கத்திலேயே எழுதி வெச்சிருக்காங்க.

இதிலிருந்து கிடைக்கிற முதல் பாடம்: அசல் மெசேஜ் போன பாதையில்தான் வேண்டுகோளும் போகுது, அதுவும் அதுக்குப் பின்னால்தான் போகுது. நடுவில் எவ்வளவு நேரம் இருந்தாலும், அந்த நேரத்தில் அடுத்த போன் தன் வேலையைச் செஞ்சு முடிச்சிருக்கும். அந்த வேலையில் முக்கியமானது நோட்டிஃபிகேஷன்.

நோட்டிஃபிகேஷன் ஆப்புக்குள்ள இல்லை

மெசேஜ் வந்ததும் ஆப் அதைப் பிரிச்சு, முதல் வரிகளை போனோட இயங்குதளத்துகிட்டக் கொடுக்குது: "இதைத் திரையில் காட்டு." அந்த நொடியில் உங்க வார்த்தைகளுக்கு இரண்டு பிரதி ஆயிடுச்சு. ஒண்ணு சாட்டுக்குள்ள. இன்னொண்ணு ஆண்ட்ராய்டு அல்லது ஐஓஎஸ் கையில். கையில் ஸ்மார்ட் வாட்ச் கட்டியிருந்தா அதிலும் ஒண்ணு.

நீக்கும் வேண்டுகோள் வந்ததும் ஆப் சாட்டுக்குள்ள இருக்கிறதை நீக்கும். திரையில் காட்டினதையும் மாத்தச் சொல்லி இயங்குதளத்துக்கிட்டச் சொல்லும். அதனால்தான் பல நேரம் நோட்டிஃபிகேஷனில் இருந்த எழுத்து போய், This message was deleted என்று மாறிடுது. ஆனா மாறுறதுக்கு முன்னாடி கண்ணில் பட்டது பட்டதுதான்.

எங்க வீட்டில் நடந்தது இதுதான். அம்மா சீரியல் பார்த்துக்கிட்டிருந்தாங்க. போன் மேசையில் இருந்துச்சு. திரையில் மேலேயிருந்து ஒரு பட்டை இறங்குச்சு, "அப்பா ரிசல்ட் வந்துருச்சு" வரைக்கும் படிச்சாங்க. கண்ணாடியை மாட்டிக்கிட்டு குரூப்பைத் திறக்கும்போது, என் பெயருக்குக் கீழே நீக்கப்பட்டதுங்கிற வரி மட்டும் நின்னுச்சு. அம்மா சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு: "நீ அழிக்காம விட்டிருந்தா அக்காகிட்டக் கேட்டிருப்பேன். அழிச்சதும்தான் பயந்துட்டேன்."

வாட்ஸ்அப் இப்படி ஒரு தடயத்தை விட்டுட்டுத்தான் நீக்குது. நீக்கினது யாருன்னு எல்லாருக்கும் தெரியும். என்ன இருந்ததுன்னு மட்டும் தெரியாது. சில சமயம் மெசேஜை விட அந்த வெற்றிடம்தான் அதிகம் பேசுது.

இருபத்து நாலு மணி நேர ஞாபகம்

அம்மா அதோட விடலை. காலேஜுக்காக அவங்க வீட்டிலேயே தங்கியிருக்கிற அக்கா பையனைக் கூப்பிட்டு, "மாமா என்னமோ அனுப்பி அழிச்சிருக்கான், என்னன்னு பாரு"ன்னிருக்காங்க. அவனும் அதே குரூப்பில் இருக்கான். அவன் போனில் Notification history என்ற வசதி ஏற்கெனவே ஆன் செய்யப்பட்டிருந்தது.

ஆண்ட்ராய்டு 11-இல் இருந்து, அதாவது 2020 முதல், இந்த வசதி போனிலேயே இருக்கு. தனி ஆப் எதுவும் வேண்டாம். Settings, அதில் Notifications, அதில் Notification history. சாம்சங் போன்களில் Notifications-க்குள்ள Advanced settings போய்ப் பார்க்கணும். ஆன் பண்ணினா, கடந்த 24 மணி நேரத்தில் வந்த நோட்டிஃபிகேஷன்கள் ஒரு பட்டியலா கிடைக்கும். கையால் தள்ளிவிட்டதும் இருக்கும். ஆப் மாத்தினதற்கு முன்னால் இருந்த பழைய எழுத்தும் பல நேரம் அப்படியே இருக்கும். ஏன்னா இது சாட்டோட பதிவு இல்லை, திரையில் எது எப்போ காட்டப்பட்டதுங்கிற பதிவு. வாட்ஸ்அப்போட வேண்டுகோள் இங்கே எட்டாது.

இதற்கும் எல்லைகள் உண்டு. முன்கூட்டியே ஆன் செஞ்சிருக்கணும், மெசேஜ் வந்த பிறகு ஆன் பண்ணினா பழசு கிடைக்காது. எழுத்துதான் இருக்கும், படமோ குரல் பதிவோ இருக்காது. மெசேஜ் வந்த நேரத்தில் அவங்க அந்த சாட்டைத் திறந்தே வெச்சிருந்தா நோட்டிஃபிகேஷனே வராது, அதனால் பதிவும் இல்லை. 24 மணி நேரம் தாண்டினா போயிடும். நோட்டிஃபிகேஷன்களைப் படிக்க அனுமதி வாங்கிக்கிட்டுத் தானே சேமிச்சு வைக்கிற வெளி ஆப்களும் இருக்கு. அதில் இந்த 24 மணி நேரக் கணக்கும் கிடையாது.

ஐபோனில் இப்படி ஒரு வரலாற்றுப் பட்டியல் கிடையாது. ஆனா லாக் ஸ்கிரீனில் காட்டப்பட்டது காட்டப்பட்டதுதான். நீக்கும் வேண்டுகோள் வந்துசேர நேரமானா, அதுவரைக்கும் எழுத்து அங்கேயே நிக்கும். இன்னொண்ணு: வாட்ஸ்அப்பில் வரும் படங்களைத் தானாகவே போட்டோஸில் சேமிக்கும்படி வெச்சிருக்கிற ஐபோன்காரர்கிட்ட, நீங்க சாட்டில் நீக்கின படம் கேலரியில் அப்படியே இருக்கலாம்.

பையன் அந்தப் பட்டியலைத் திறந்தான். முழு வரியும் இருந்துச்சு. பாட்டி கேட்டதும் படிச்சுக் காட்டிட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை.

ஒத்தை டிக் என்னை ஏமாத்தினது எப்படி

நான் நம்பின ஒத்தை டிக்குக்கு வருவோம். இரண்டு பேர் சாட்டில் ஒத்தை டிக் என்றால் அடுத்த போனுக்கு இன்னும் போகலைன்னு அர்த்தம். குரூப்பில் கணக்கு வேற. எல்லா உறுப்பினருக்கும் போய்ச் சேர்ந்த பிறகுதான் இரண்டாவது டிக் வரும். எல்லாரும் படிச்ச பிறகுதான் நீலமாகும். பதினொரு பேரில் ஒருத்தர் போன் அணைஞ்சிருந்தாலே ஒத்தை டிக்தான் நிக்கும். எங்க சித்தப்பா ராத்திரி ஒன்பது மணிக்கு நெட்டை அணைச்சிட்டுத் தூங்குறவர். அவர் ஒருத்தரால் நான் மூணு வாரம் நிம்மதியா இருந்தேன்.

நீல டிக்கையும் நம்ப முடியாது. நோட்டிஃபிகேஷனில் மட்டும் படிச்சா நீலம் வராது. சாட்டைத் திறந்தால்தான் வரும். அதிலும் சிலர் அந்த அறிவிப்பையே அணைச்சு வெச்சிருப்பாங்க.

குரூப்பில் யாருக்குப் போயிருக்குன்னு பார்க்க, மெசேஜை அழுத்திப் பிடிச்சு Info போனால் பெயர் பெயரா வரும். நீக்குவதற்கு முன்னால் இரண்டு நொடி செலவழிச்சுப் பார்த்தா, பிறகு யார்கிட்டப் பேச வேண்டியிருக்கும்ங்கிறது தெரியும்.

எவ்வளவு நேரம் இருக்கு

இப்போ நேர வரம்புகள். அதிகம் பேர் பயன்படுத்துற நாலை மட்டும் சொல்றேன்.

வாட்ஸ்அப்பில் நீக்க இரண்டு நாளுக்குக் கொஞ்சம் மேல், சுமார் 60 மணி நேரம். 2017-இல் இந்த வசதி வந்தப்போ வெறும் 7 நிமிஷம்தான் இருந்துச்சு. பிறகு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆச்சு, 2022-இல் இந்த அளவுக்கு வந்தது. திருத்த 15 நிமிஷம்.

சிக்னலில் நீக்கவும் திருத்தவும் 24 மணி நேரம். திருத்தம் அதிகபட்சம் 10 முறை. திருத்துவதற்கு முன்னால் என்ன இருந்ததுன்னு அடுத்தவங்க தட்டிப் பார்க்கலாம்.

ஐமெசேஜில் அனுப்பினதைத் திரும்பப் பெற 2 நிமிஷம். திருத்த 15 நிமிஷம், 5 முறை வரைக்கும். பழைய வடிவங்களை அவங்களும் பார்க்கலாம். இது ஐஓஎஸ் 16-இல் வந்த வசதி. அதற்கு முந்தைய பதிப்பு வெச்சிருக்கிற ஐபோனில் நீங்க திரும்பப் பெற்றது அப்படியே நிக்கும். சாதாரண எஸ்எம்எஸ்ஸாகப் போனால் இது எதுவுமே கிடையாது.

டெலிகிராம் கொஞ்சம் வேற மாதிரி. அதன் சாதாரண சாட்கள் சர்வரிலேயே இருக்கு. அதனால் தனிச் சாட்டில் எப்போ வேணும்னாலும், இரண்டு பக்கமும், தடயமே இல்லாம நீக்கலாம். திருத்த 48 மணி நேரம். ஆனா நோட்டிஃபிகேஷன் கதை இங்கேயும் அதேதான். சர்வர் நீக்கினாலும் போன் ஏற்கெனவே காட்டினதைத் திரும்ப எடுக்க முடியாது.

கவனிச்சீங்களா, இந்த வரம்புகள் எல்லாம் சாட்டுக்குள்ள இருக்கிற பிரதிக்குத்தான். நோட்டிஃபிகேஷனுக்கு இருக்கிற வரம்பு அவங்க எவ்வளவு சீக்கிரம் போனைப் பார்க்கிறாங்கங்கிறதுதான். அது சில நொடிகள்.

திருத்தினா அவங்களுக்குத் தெரியுமா?

நீக்குவதில் அடுத்தவங்க பார்த்துடுவாங்களோன்னு பயம். திருத்துவதில் பிரச்சினை தலைகீழ்: அவங்க பார்க்காமலே போயிடலாம்.

போன வருஷம் ஊரிலிருந்து திரும்பும்போது இங்கே ஒரு நண்பர் ஸ்கிபோல் வந்து கூட்டிட்டுப் போறதாச் சொல்லியிருந்தார். "நாளைக்கு 7:40-க்கு இறங்குறேன்"ன்னு வாட்ஸ்அப்பில் போட்டேன். டிக்கெட்டைப் பார்த்தா 17:40. நாலு நிமிஷத்தில் திருத்திட்டேன். என் திரையில் சரியா இருந்துச்சு, பக்கத்தில் Edited என்று சின்னதா ஒரு குறி. அவர் முதல் நோட்டிஃபிகேஷனிலேயே படிச்சு, தலையாட்டிட்டு, போனைப் பையில் போட்டுட்டார். சாட்டைத் திறக்கவே இல்லை. மறுநாள் காலை 7:40-க்கு, ஒரு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டி வந்து விமான நிலையத்தில் நின்னார். அந்த நேரம் நான் விமானத்துக்குள் உட்கார்ந்திருந்தேன், போன் ஃப்ளைட் மோடில்.

வாட்ஸ்அப்பில் திருத்தினா புதுசா நோட்டிஃபிகேஷன் போகாது. அது குறை இல்லை, எழுத்துப் பிழை திருத்துற ஒவ்வொரு தடவையும் மணி அடிச்சா யாருக்கும் பிடிக்காது. ஆனா அதனால் ஒரு விதி பிறக்குது: எழுத்துப் பிழைன்னா திருத்துங்க. நேரம், தேதி, தொகை, முகவரி, வங்கி எண் தப்புன்னா புது மெசேஜ் போடுங்க. "மேலே போட்டது தப்பு, மாலை 5:40" என்று ஒரு வரி போதும். அதற்கு மணி அடிக்கும்.

வேலை சாட்

என்னை மாதிரி கான்ட்ராக்டர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்லாக், டீம்ஸ் இரண்டிலும் திருத்தலாமா, நீக்கலாமா என்பதைத் தீர்மானிப்பது அந்த நிறுவனத்தின் நிர்வாகி. நீங்க நீக்கினது திரையிலிருந்து போனாலும், நிறுவனம் பதிவுகளைத் தக்கவைக்கும்படி அமைச்சிருந்தா பிரதி அவங்ககிட்ட இருக்கும். அதோட, நீங்க கவனிக்காத செய்திகள்னு இந்த ஆப்கள் மெயில் அனுப்பும். அந்த மெயிலுக்குள்ள போன வரியை எந்த டெலீட்டும் தொடாது.

அப்போ என்ன செய்யலாம்

தப்பா போயிடுச்சுன்னு தெரிஞ்ச நொடியில், அவசரத்தில் Delete for me அழுத்திடாதீங்க. அது உங்க திரையிலிருந்து மட்டும் மறையும், மத்தவங்க எல்லார்கிட்டயும் இருக்கும். பிறகு நீங்க நீக்கவும் முடியாது. வாட்ஸ்அப்பில் இப்படி அழுத்திட்டா கீழே Undo என்று 5 நொடி வரும், அதைப் பிடிங்க. அதையும் விட்டுட்டீங்கன்னா, குரூப் அட்மினைக் கூப்பிட்டு நீக்கச் சொல்லலாம், அவங்களுக்கு அந்த அதிகாரம் இருக்கு.

யாராவது அதற்குள்ள உங்க மெசேஜுக்கு ரிப்ளை போட்டிருந்தாலோ, ஃபார்வர்ட் பண்ணியிருந்தாலோ, உங்க வார்த்தைகள் அங்கேயும் இருக்கு. அசலை நீக்கிட்டு நிம்மதியாகாதீங்க, ரிப்ளையையும் பாருங்க.

உங்களுக்கு வர்ற மெசேஜ்களை அடுத்தவங்க பார்க்காம இருக்கணும்னா அது உங்க கையில் இருக்கு. ஐபோனில் Settings, Notifications, Show Previews போய் When Unlocked வெச்சா, பூட்டின திரையில் எழுத்து தெரியாது. சிக்னலில் நோட்டிஃபிகேஷனில் பெயர் மட்டும், அல்லது எதுவுமே வேண்டாம்னு வைக்கலாம். அப்படி வெச்சா ஆப் எழுத்தை இயங்குதளத்துக்கே கொடுக்காது. கொடுக்காததை எந்தப் பட்டியலும் சேமிக்க முடியாது. ஆனா இது வாங்குறவரோட செட்டிங். அனுப்புறவருக்கு இதில் எந்தப் பிடியும் இல்லை.

கடைசியா, நான் இப்போ செய்றது. நீக்கினால், முக்கியமான ஒருத்தர் அதைப் படிச்சிருப்பார்ன்னே வெச்சுக்கிட்டு அடுத்த வேலையைச் செய்றேன். அன்னிக்கு நான் செஞ்சிருக்க வேண்டியது நீக்கின அடுத்த நிமிஷம் அம்மாவுக்குப் போன் போட்டிருக்கணும். பத்து நிமிஷக் கஷ்டமான பேச்சா முடிஞ்சிருக்கும். அவங்க மூணு வாரம் எனக்காக நடிச்சிருக்க வேண்டியிருந்திருக்காது.

உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருந்தா இந்த மெயிலுக்கே பதில் எழுதுங்க, பெயர் சொல்லாம அடுத்த எபிசோடில் பேசுவோம். அனுப்பிட்டு நீக்கினாலும் பரவாயில்லை, நான் நோட்டிஃபிகேஷன்ல பார்த்துக்கிறேன்.

அடுத்த வாரம் சந்திப்போம்.